கோழிக்கூண்டுக் கதவில் நான்கு ஆண்டு: ஹெச் பிரிட்ஜும் நான்கு டையோடும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம் தொடங்கிவிடும். இருட்டினால் மூசாங் என்னும் மரநாய் வரும், மழைக்காலத்தில் மலைப்பாம்பும் வரும். கூண்டை மூட மறந்த ஓர் இரவில் ஆறு கோழிகள் போயின. அதற்குப் பிறகுதான் 12 வோல்ட் சிறு கியர் மோட்டாரும் ஆர்டுயினோவும் வைத்துக் கதவைத் தானாக இயக்கினேன். இரவு ஏழரைக்கு இறங்கும், காலை ஏழுக்கு ஏறும். நான்கு ஆண்டுகளில் கற்றதை எழுதுகிறேன். முதல் ஐந்து மாதங்களில் செய்த தவற்றையே அதிகம் எழுதப்போகிறேன்.

மோட்டாரின் இரண்டு கால்களில் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் அது எதிர்த்திசையில் சுற்றும். ஹெச் பிரிட்ஜ் இந்த மாற்றத்தை நான்கு சுவிட்ச்களால் செய்கிறது. ஹெச் எழுத்தின் நடுக்கோட்டில் மோட்டார் இருக்கிறது. இடது காலுக்கு மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒன்று. வலது காலுக்கும் அப்படியே. மேல் சுவிட்ச்கள் பிளஸோடும் கீழ் சுவிட்ச்கள் மைனஸோடும் சேரும். மேல் இடதும் கீழ் வலதும் இயங்கினால் மின்னோட்டம் மோட்டாரில் இடமிருந்து வலமாகப் போய்க் கதவு ஏறும். மேல் வலதும் கீழ் இடதும் இயங்கினால் கதவு இறங்கும். ஒரே பக்கத்து மேலும் கீழும் சேர்ந்து இயங்கவே கூடாது. அது பிளஸையும் மைனஸையும் நேராகச் சேர்த்துவிடும்.

நான் மேலே இரண்டு 2N2907A, கீழே இரண்டு 2N2222A டிரான்சிஸ்டர்களைச் சுவிட்ச்களாக வைத்தேன். கதவு லேசான பலகை, மோட்டார் ஓடும்போது இழுப்பது சுமார் 0.2 ஆம்பியர்தான். மேலே எட்டியதும் மோட்டாரை நிறுத்த லிமிட் சுவிட்ச் உண்டு. கீழே வைக்கவில்லை, கதவு தரையில் முட்டியதும் மோட்டார் திணறி 0.5 ஆம்பியர் இழுக்கும், அந்த நேரத்தில் டைமர் நிறுத்திவிடும். மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டையோடு எதுவும் போடவில்லை. இவ்வளவு சிறிய மோட்டாருக்கு எதற்கு என்று நினைத்தேன்.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிறகு காலையில் கதவு மெதுவாக ஏறத் தொடங்கியது. இறங்குவதில் ஒரு குறையும் இல்லை. கியரில் தூசு என்று எண்ணி எண்ணெய் விட்டேன். ஐந்தாம் மாதம் ஒரு காலை அம்மா கூப்பிட்டார்: "ஐயா, கோழிங்க உள்ளயே கத்துதுங்க, கதவு தொறக்கல!"

மேல் இடது டிரான்சிஸ்டரைத் தொட்டதும் விரலை இழுத்துக்கொண்டேன். கதவு ஏற முயலும்போது அதன் எமிட்டருக்கும் கலெக்டருக்கும் இடையே அளந்தால் 3 வோல்ட் நின்றது. நன்றாக இயங்கும் டிரான்சிஸ்டரில் அரை வோல்ட்கூட நிற்காது. 3 வோல்ட்டை 0.2 ஆம்பியரால் பெருக்கினால் 0.6 வாட், அந்தச் சின்ன பிளாஸ்டிக் உடல் தாங்கும் எல்லையே அவ்வளவுதான். கழற்றி, பெருக்கும் திறனை அளக்கும் மீட்டரின் hFE துளையில் செருகினால் 40 காட்டியது. அதே பொட்டலத்தில் மிச்சமிருந்த புதியது 200 காட்டியது.

டவுனில் ரேடியோ பழுதுபார்க்கும் அண்ணனிடம் பலகையைக் கொண்டுபோனேன். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "டையோடு எங்க தம்பி?" என்றார்.

மோட்டாருக்குள் இருப்பது கம்பிச்சுருள். சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று நிற்காது. சுவிட்சை அணைத்தாலும் அதே திசையில் ஓட வழி தேடும், வழி கிடைக்கும் வரை வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். சுருளின் இண்டக்டன்ஸ் 2 மில்லிஹென்ரி என்று வைத்துக்கொள்வோம். 0.5 ஆம்பியரை ஒரு மைக்ரோ விநாடியில் நிறுத்தப் பார்த்தால் கணக்கு இப்படி வரும்:

V = L × ΔI / Δt = 0.002 × 0.5 / 0.000001 = 1000 வோல்ட்

ஆயிரம் வோல்ட் வரை அது போவதில்லை, அதற்கு முன்பே எங்காவது உடைத்துக்கொண்டு ஓடிவிடும். எங்கே உடைக்கிறது என்பதில்தான் என் பிழையின் விடை இருந்தது. கதவு இறங்கி நின்றபோது மின்னோட்டம் வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லா சுவிட்சும் அணைந்ததும் அது இடது காலை 12 வோல்ட்டுக்கு மேலே தூக்கியது. அங்கே சும்மா இருந்தது மேல் இடது டிரான்சிஸ்டர். மின்னோட்டம் அதன் கலெக்டர் வழியே பின்புறமாக நுழைந்து பேஸ்-எமிட்டர் சந்தியை உடைத்துக்கொண்டு பிளஸுக்குப் போனது. அந்தச் சந்தி தலைகீழாகத் தாங்குவது 5 வோல்ட்தான். ஒவ்வோர் உடைப்பிலும் டிரான்சிஸ்டரின் பெருக்கும் திறன் கொஞ்சம் தேயும். ஆகவே இறக்கி நிறுத்தும் ஒவ்வோர் இரவும் அடி வாங்கியது ஏற்றும் ஜோடி. மேலே நிற்கும்போது 0.2 ஆம்பியர், கீழே முட்டி நிற்கும்போது 0.5. அதனால்தான் ஏறுவது மட்டும் தளர்ந்தது.

அண்ணன் சொன்னபடி நான்கு 1N4007 டையோடுகளை ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் குறுக்கே வைத்தேன். கோடு போட்ட முனை எப்போதும் பிளஸ் பக்கம் பார்க்கும். இப்போது கதவு இறங்கி நின்றால், மின்னோட்டம் மைனஸிலிருந்து கீழ் வலது டையோடு வழியே ஏறி, மோட்டாரைக் கடந்து, மேல் இடது டையோடு வழியே பிளஸுக்குத் திரும்புகிறது. மோட்டாரின் கால்கள் 12.7 வோல்ட்டுக்கு மேலேயோ பூஜ்யத்துக்கு 0.7 வோல்ட் கீழேயோ அதிகம் விலகுவதில்லை. சுருள்மேல் எதிராக 13.4 வோல்ட் நிற்பதால் 0.5 ஆம்பியர் சுமார் 75 மைக்ரோ விநாடியில் வடிந்துவிடும்.

வடியும் ஆற்றல் பவர் சப்ளைக்கே திரும்புகிறது என்பதைக் கவனியுங்கள். சாதாரண அடாப்டர் கொடுக்கும், வாங்காது. அதனால் பிளஸ் மைனஸுக்கு இடையே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வைத்தேன். இந்த அளவு ஆற்றலுக்கு அதன் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு வோல்ட்கூட உயராது.

ஒரு டையோடைத் தலைகீழாக வைத்துவிட்டால் பவர் கொடுத்ததும் தெரியாது. மேல் இடது டையோடு திரும்பியிருந்தால் கதவு நன்றாக ஏறும்; இறக்கும்போது கீழ் இடது டிரான்சிஸ்டர் எரியும். ஆகவே மோட்டாரைக் கழற்றி, மீட்டரை டையோடு நிலையில் வைத்து, கறுப்பைப் பிளஸிலும் சிவப்பை மோட்டாரின் ஒவ்வொரு காலிலும் தொட்டுப் பாருங்கள். பிறகு சிவப்பை மைனஸிலும் கறுப்பைக் கால்களிலும். நான்கு முறையும் 0.5 முதல் 0.6 வரை வர வேண்டும்.

திசை மாற்றும்போது உடனே மாற்றாதீர்கள். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் தானே வோல்ட்டேஜ் உண்டாக்கும், திருப்பிக் கொடுக்கும் 12 வோல்ட்டோடு அது சேர்ந்துகொள்ளும். மின்னோட்டம் ஏறக்குறைய இரு மடங்காகும். அதற்கு டையோடு உதவாது, காத்திருப்பதுதான் வழி:

```
void niruthu() {
  digitalWrite(MELE, LOW);
  digitalWrite(KEEZHE, LOW);
  delay(500);
}
```

மூன்றாம் ஆண்டில் கதவு மெதுவாக இறங்கட்டும் என்று, மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுக்கும் பி.டபிள்யூ.எம். போட்டேன். மோட்டார் கீச்சிட்டதால் அந்தத் துடிப்பின் வேகத்தை 31 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன். கீச்சு நின்றது, டிரான்சிஸ்டர்கள் சுட்டன. 1N4007 மூடிக்கொள்ள எடுக்கும் நேரம் சில மைக்ரோ விநாடிகள், ஒரு சுற்றோ 32 மைக்ரோ விநாடிதான். மூடாத டையோடு வழியே ஒவ்வொரு சுற்றிலும் குறுக்கோட்டம் போனது. நான்கையும் சட்டென்று மூடும் 1N5819 ஷாட்கியாக மாற்றியதும் சூடு தணிந்தது. பி.டபிள்யூ.எம். இல்லாமல், நாளுக்கு இரண்டு முறை மட்டும் இயங்கும் கதவுக்குப் பழைய டையோடே போதும். மாஸ்ஃபெட் வைத்துக் கட்டுபவர்களுக்கு அதன் உடலுக்குள்ளேயே டையோடு உண்டு, பல நேரம் தனியாக வேண்டியதில்லை.

போன மாதம் கியரின் பல் உடைந்து மோட்டாரை மாற்றினேன். அப்போது நான்கு டிரான்சிஸ்டர்களையும் கழற்றி அளந்தேன். டையோடு போட்ட நாளில் வைத்தவை அவை. மேல் இடது இன்னும் 190 காட்டுகிறது.