மேற்கோளைத் தனியே விடுவதா, வாக்கியத்துக்குள் கோப்பதா?

குறுந்தொகையின் 40ஆம் பாட்டைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிறுவ வேண்டிய கருத்து: இரு மனங்களும் கலந்ததற்கு வெளியார் யாரும் காரணமில்லை என்று தலைவன் காட்டுகிறான். சான்று கடைசி இரண்டு அடிகளில் இருக்கிறது. அதைப் பத்திக்குள் கொண்டுவர மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன.

முதல் வழி, அடிகளை அப்படியே இறக்கிவைப்பது:

“தலைவன் தன் காதலைச் சிறப்பாக வெளிப்படுத்துகிறான். ‘செம்புலப் பெயனீர் போல / அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.’ இதிலிருந்து அவர்கள் அன்பின் ஆழம் தெரிகிறது.”

இதில் ‘இதிலிருந்து’ என்பது எதைச் சுட்டுகிறது? ஏழு சீர்களில் எது சான்று என்று எழுதியவர் சொல்லவில்லை. தேடும் வேலை வாசகர் தலையில் விழுகிறது. தேடினாலும் ‘ஆழம்’ அங்கே கிடைக்காது. செம்மண்ணில் பெய்த மழைநீர் காட்டுவது ஆழத்தை அல்ல, பிரிக்க முடியாத கலப்பை. இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. மேற்கோளை விரலால் மறைத்துவிட்டு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைப் படியுங்கள். எதுவும் குறையாமல் ஓடினால், மேற்கோள் அங்கே வெறும் அலங்காரம்.

இரண்டாவது வழி, அறிமுகம் தந்து முக்காற்புள்ளி இடுவது:

“தலைவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அதற்கு அவன் தரும் விடை: ‘செம்புலப் பெயனீர் போல / அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.’”

இது நேர்மையான வழி. யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார் என்பது தெரிந்துவிடுகிறது. உவமை முழுதாக வேண்டியபோது இதுவே ஏற்றது. ஆனால் அலசல் இன்னும் தொடங்கவில்லை. அடுத்த வாக்கியம் மேற்கோளிலிருந்து ஒரு சொல்லையாவது எடுத்துப் பேசியாக வேண்டும். ஒரே பத்தியில் மூன்று முறை இப்படிச் செய்தால், நின்று நின்று நடக்கும் நடையாகிவிடும்.

மூன்றாவது வழி, தேவையான சொற்களை மட்டும் எடுத்து நம் வாக்கியத்தில் கோப்பது:

“அஞ்சும் தலைவியிடம், நெஞ்சங்கள் ‘தாங்கலந் தனவே’ என்று தலைவன் முடிக்கும்போது, பெற்றோரையோ தன்னையோ அந்தச் செயலுக்கு எழுவாயாக்கவில்லை; நெஞ்சங்கள் தாமாகவே கலந்தன. வினை இறந்தகாலத்தில் இருப்பதால், கலப்பு ஏற்கெனவே முடிந்துவிட்டது என்பதும் அவளுக்கு விடையாகிறது.”

மேற்கோள் ஏழு சீரிலிருந்து இரண்டாகச் சுருங்கியது, அலசலோ கூடியது. ‘தாம்’ என்பதும் வினையின் காலமும் கருத்தைத் தாங்குகின்றன. விரலால் மறைத்தால் இங்கே வாக்கியமே உடைந்துபோகும்.

இந்த வழியில்தான் சறுக்கல்களும் அதிகம். தமிழில் வினை கடைசியில் வருவதால், ‘என்று’ வரும்வரை வாசகர் மேற்கோளைச் சுமந்தே செல்ல வேண்டும். ஆகவே பேசுபவரை முன்னால் சொல்லிவிட வேண்டும். மேற்கோள் ஓர் அடியைத் தாண்டினால் கோப்பதை விட்டு முக்காற்புள்ளிக்குத் திரும்புவது நல்லது. ‘என்று’ என்பதற்குப் பின் வரும் வினையையும் வீணாக்கக் கூடாது. எல்லா இடத்திலும் ‘என்கிறான்’ என்று எழுதுவதைவிட ‘என்று கேட்கிறான்’, ‘என்று மறுக்கிறான்’ என்பவை பாதி அலசலைச் செய்துவிடும்.

இலக்கணம் முட்டும் இடமும் உண்டு. ‘நெஞ்சம்’ என்று ஒருமையில் தொடங்கி ‘தாங்கலந் தனவே’ என்று கோத்தால் இன்றைய உரைநடையில் உறுத்தும். அதனால்தான் மேலே ‘நெஞ்சங்கள்’. வேற்றுமை உருபை மேற்கோள் சொல்லில் ஒட்டாமல், ‘தாம்’ என்ற சொல்லை, ‘கலந்தன’ என்ற வினையில் என்று வெளியே வைத்தால் மூலச் சொல் சிதையாது. சீர் பிரிப்பை வைத்துக்கொள்வதா, ‘தாம் கலந்தனவே’ என்று சொல் பிரித்து எழுதுவதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் கட்டுரை முழுதும் ஒரே முறை இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது தவறான இடத்தில் வெட்டுவது. தலைவன் ‘யாயும் ஞாயும்’ பற்றிப் பேசுகிறான் என்று எழுதினால், இரு தாயரையும் அவன் உறவாக்குகிறான் என்றே தோன்றும். அடியின் மீதி ‘யாரா கியரோ’. அது உறவே இல்லை என்று உணர்த்தும் கேள்வி. அதை விட்டால் பொருள் தலைகீழாகிறது. கோக்கும் முன் மூல அடியை முழுதாக ஒருமுறை படித்து, வெட்டிய துண்டு அதே பக்கம்தான் சாய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.