எட்டு ஆண்டு ஓட்டிய காஸ்டிங் ஷீட்டும் B14 என்ற வம்பும்

சென்ற வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி அழைத்தான். இதுவரை உள்ளூர் வியாபாரிகளுக்குத் துண்டு நெய்து கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு முதல்முறையாக வெளிநாட்டு விசாரணை வந்திருக்கிறது. "அண்ணே, உங்கள் காஸ்டிங் ஷீட்டை அனுப்புங்கள். எண்களை மாற்றிப் போட்டுக்கொள்கிறேன்" என்றான். அனுப்புவதற்கு முன் அதைத் திறந்து பார்த்தேன். பார்த்ததும் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் எழுதுவது இது.

கரூரில் வீட்டு உபயோக ஜவுளி செய்கிற சிறிய ஆள் நான். 2017-இல் ஒரு நண்பரிடமிருந்து வாங்கி, இன்றுவரை ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருக்கும் எக்ஸெல் தாள் இது. மேலே தொழிற்சாலை அடக்கம், அதன்கீழ் பேக்கிங், பிறகு தூத்துக்குடிவரை சரக்குக் கூலி, லாபம், கடைசியில் டாலர். வருவது எஃப்ஓபி விலை, அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றும்வரையான செலவு அத்தனையும் என் தலையில்.

சென்ற ஆண்டு ஓடிய ஓர் ஆர்டரையே வைத்துச் சொல்கிறேன். 50 x 70 சென்டிமீட்டர் கிச்சன் டவல், மூன்று கொண்டது ஒரு செட். செட்டுக்குத் தொழிற்சாலை அடக்கம் ரூ.118. அதில் பாதிக்குமேல், ரூ.63.50, நூல். மிச்சம் சாயம், குறுக்கு இழையை எண்ணும் பிக் கணக்கில் நெசவுக் கூலி, தையல், செக்கிங், மேல்செலவு. இந்தப் பகுதியில் தாளோடு எனக்குச் சண்டை இல்லை. நெய்த துண்டின் எடையை மட்டும் வைத்து நூல் கணக்குப் போடாமல் கழிவையும் சேர்த்தால் போதும், தவறாது. அட்டைப் பட்டை, பார்கோடு ஸ்டிக்கர், பாலிதீன் பை, அட்டைப்பெட்டிப் பங்கு எல்லாம் சேர்ந்து பேக்கிங் ரூ.9.50. இந்தக் கட்டங்களில் ஜிஎஸ்டி சேர்க்கக் கூடாது, அது திரும்பி வரும் பணம். முதல் ஆண்டு சேர்த்துவிட்டு, நமக்கு மட்டும் ஏன் ஆர்டர் விழவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தாள் எனக்குச் செய்த ஒரே பெரிய நன்மை, பெருக்கலை விட்டு வகுத்தலுக்குக் கொண்டுவந்ததுதான். தாளின் பழைய வடிவில் அடக்கத்தின் மீது 10 சதவீத லாபம், 5 சதவீத ஏஜென்ட் கமிஷன், 2 சதவீத வங்கிச் செலவு, ஆக 17 சதவீதத்தைக் கூட்டிவிட்டால் விலை. 2019-இல் பையிங் ஏஜென்ட் அனுப்பிய கமிஷன் பில்லைத் தாளோடு ஒப்பிட்டபோதுதான் உறைத்தது. அவர் என் அடக்கத்துக்கா கமிஷன் வாங்குவார்? விற்ற விலைக்கு வாங்குவார். வங்கியும் அப்படியே, பில் தொகைமீது பிடிக்கும்.

அன்றைய எண்கள் வேறு. அதே பிழையை இப்போதைய எண்களில் போட்டுப் பார்க்கலாம். தொழிற்சாலை, பேக்கிங், சரக்குக் கூலி மூன்றும் சேர்ந்து ரூ.130.75. அதன்மேல் 17 சதவீதம் கூட்டினால் ரூ.152.98. இந்த விலையில் ஏஜென்ட் எடுப்பது ரூ.7.65, வங்கிக்கு ரூ.3.06. மிஞ்சுவது ரூ.11.52. பத்து சதவீதம் என்று பெருமையாக நினைத்திருந்த லாபம், விற்ற விலையில் பார்த்தால் ஏழரை. விற்ற விலையில் 17 சதவீதம் வேண்டுமென்றால் மீதி 83 சதவீதம்தான் அடக்கம். ஆகவே 130.75-ஐ 0.83-ஆல் வகுக்க வேண்டும். வருவது ரூ.157.53. செட்டுக்கு ரூ.4.55 வித்தியாசம். 16,800 செட்டுக்கு ரூ.76,000-ஐத் தாண்டுகிறது. இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றுமுதல் தாளின் உயிர் இந்த ஒரு வரிதான்:

```
=ROUND((B4+B5+B6/B7)/(1-B9-B10-B11)/B14,2)
```

B4 தொழிற்சாலை அடக்கம், B5 பேக்கிங், B6 மொத்தச் சரக்குக் கூலி, B7 செட் எண்ணிக்கை, B9 முதல் B11 வரை அந்த மூன்று சதவீதங்கள். B14-க்குப் பிறகு வருகிறேன். B6/B7 என்ற துண்டையும் கவனியுங்கள். அதுவும் பட்டுத் திருத்தியது. முன்பு சரக்குக் கூலி என்ற கட்டத்தில் 3.25 என்று கையால் அடித்து வைத்திருந்தேன். அது முழு 20 அடி கண்டெய்னருக்கான கணக்கு. 48 செட் பிடிக்கும் பெட்டி 350, ஏறத்தாழ 27 கனமீட்டர், கண்டெய்னர் நிறைந்துவிடும். லாரி வாடகை, கிளியரிங், துறைமுகக் கட்டணம், பில் ஆஃப் லேடிங் எல்லாம் சேர்ந்து ரூ.54,600. அதை 16,800-ஆல் வகுத்தால் 3.25. சரிதான். பிறகு அதே பையர் 2,400 செட் மட்டும் கேட்டார். ஐம்பதே பெட்டி, நான்கு கனமீட்டர்கூட வராது. பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பினோம். சின்ன வண்டி வாடகை குறைந்தது உண்மை. ஆனால் கிளியரிங் ஏஜென்டும் ஆவணக் கட்டணமும் செட் எண்ணிக்கையைப் பார்த்தா குறையும்? மொத்தம் ரூ.31,200 ஆனது. செட்டுக்கு ரூ.13. தாளோ அமைதியாக 3.25 என்றே காட்டிக்கொண்டிருந்தது. இப்போது மொத்தச் செலவு ஒரு கட்டம், செட் எண்ணிக்கை ஒரு கட்டம். எண்ணிக்கை மாறினால் விலை தானாக ஏறும். 2,400 செட் என்றால் செட்டுக்கு ரூ.169.28 வருகிறது. "சார், அதே டவல்தானே, விலை ஏன் மாறுகிறது?" என்று ஏஜென்ட் கேட்கும்போது தாளைத் திருப்பிக் காட்டிவிடுவேன். இந்த இடத்தில் அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு.

இனி B14. டாலருக்கு எத்தனை ரூபாய் என்று போடும் கட்டம்.

2025 பிப்ரவரியில் ரூபாய் விழுந்துகொண்டிருந்தது. டாலர் 87-ஐத் தாண்டி, 88-ஐத் தொடும்போல இருந்தது. சந்தையில் 87.40 இருந்த ஒரு நாளில், 40 பைசா குறைத்து 87 என்று போட்டுவிட்டு என் ஜாக்கிரதையை நானே மெச்சிக்கொண்டேன். தாள் 1.81 டாலர் என்றது. ஆர்டரும் உறுதியானது. நெய்து, தைத்து, ஏப்ரலில் கப்பல் ஏறி, மே முதல் வாரம் பணம் வந்தது. அதற்குள் ரூபாய் நிமிர்ந்துவிட்டது. வங்கி வரவு வைத்தது 84.50. செட்டுக்குக் கைக்கு வந்தது ரூ.152.95.

அந்த எண்ணை மறுபடி பாருங்கள். வகுக்கத் தெரியாமல் 17 சதவீதத்தைக் கூட்டினால் வரும் விலை 152.98. வகுத்தல் கற்றுச் சம்பாதித்த நாலரை ரூபாயை, ஒரே ஒரு கட்டம் மூன்றே மாதத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டது. லாபம் மறுபடி ஏழரை சதவீதம். அன்றிரவு மடிக்கணினியை மூடிய வேகத்தில் அதன் கீல் உடையாதது அதிசயம்.

நியாயமாகச் சொன்னால் தாள்மீது தவறில்லை. விலை சொன்ன தேதி ஒன்று, பணம் வரும் தேதி வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் எண்பது, தொண்ணூறு நாள். B14-இல் இருப்பதோ முதல் தேதியின் எண். நூல் விலை ஏறினால் ஆர்டர் வந்த அன்றே நூலை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம் அல்லவா? டாலரையும் அப்படி அன்றே விற்றுவைக்கலாம். ஆர்டர் உறுதியானதும் வங்கியில் ஃபார்வர்டு ஒப்பந்தம் போட்டிருந்தால், மே மாதப் பணத்துக்கும் பிப்ரவரி விலையே கிடைத்திருக்கும். நம் நாட்டில் முன்கூட்டி விற்பவருக்கு வழக்கமாக அன்றைய விலைக்குமேல் கொஞ்சம் கூடுதலாகவே தருவார்கள். நான் ஏன் போடவில்லை? டாலர் இன்னும் ஏறும் என்ற ஆசை. அதைத் தாளின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஃபார்வர்டுக்கும் வில்லங்கம் உண்டு. அதற்கு வங்கியில் கடன் வரம்புபோல ஒரு லிமிட் வேண்டும். கப்பல் தாமதமாகிச் சொன்ன தேதிக்குள் டாலர் வராவிட்டால் ஒப்பந்தத்தை நீட்டவோ ரத்து செய்யவோ செலவு பிடிக்கும். பையர் சாம்பிள் ஒப்புதலுக்கே மூன்று வாரம் இழுத்தடிக்கும் ஆர்டரில் முழுத் தொகைக்கும் போடுவதில்லை. பாதிக்குப் போடுகிறேன், மீதியைத் திறந்து விடுகிறேன்.

தாளிலும் மூன்று வேலை செய்தேன். B14-க்குப் பக்கத்தில் எண் போட்ட தேதியை எழுதக் கட்டாயமாக ஒரு கட்டம். விலை பதினைந்து நாளுக்கு மட்டுமே செல்லும் என்று விலைப்புள்ளிக் கடிதத்தில் ஒரு வரி. டாலர் இரண்டு, மூன்று ரூபாய் இறங்கினால் லாபம் எத்தனை சதவீதம் நிற்கும் என்று காட்டும் சின்ன அட்டவணை. மூன்றாவதைத்தான் இப்போது முதலில் பார்க்கிறேன். ஏற்றுமதிக்குப் பின் அரசு திருப்பித் தரும் சுங்கவரியான டிராபேக் வருமானத்தை மட்டும் வேண்டுமென்றே தாளுக்கு வெளியே வைத்திருக்கிறேன். உள்ளே எழுதினால் பேரத்தில் ஏஜென்ட் அதையும் கேட்டு வாங்கிவிடுவார். வெளியே இருந்தால், மே மாதம்போல அடி வாங்கும்போது தாங்கிக்கொள்ள அது ஒன்றாவது மிஞ்சும்.

இத்தனை திருத்தத்துக்குப் பிறகும் இந்தத் தாளை எனக்குப் பிடிக்கவில்லை. 1.81 என்று இரண்டு தசமத்தோடு, ஏதோ கல்வெட்டில் பொறித்ததுபோலக் காட்டுகிறது. அடியில் இருக்கும் எண்களில் ஒன்று நூல் கடையில் பேசி வாங்கியது, ஒன்று லாரிக்காரர் சொன்னது, ஒன்று நான் ஆசைப்பட்டது. மூன்றையும் ஒரே எழுத்தளவில் அச்சடித்துத் தருகிறது. வேறு தாளுக்கு மாறுவேனா என்றால் மாற மாட்டேன். அந்த வகுத்தல் வரியை இன்னொரு தாளில் நம்பி உட்கார எனக்குத் தெம்பு இல்லை.

தம்பிக்கு அனுப்பிவிட்டேன். சதவீதங்கள் அப்படியே, அந்த வகுத்தல் வரி அப்படியே, B14 மட்டும் காலி. அரைமணி நேரத்தில் அழைத்தான். "அண்ணே, விலை வரவேண்டிய இடத்தில் #DIV/0! என்று நிற்கிறது. டாலருக்கு என்ன போடட்டும்?"

"உனக்குப் பணம் எந்தத் தேதி வரும்?" என்று கேட்டேன். பையரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தான். இன்னும் அழைக்கவில்லை.