டின் மீனா, கருவாடா?

அவசரத்துக்கு எதை வாங்கி வைப்பது?

கெடாமல் இருப்பது: கருவாட்டை உப்பும் வெயிலும் காக்கின்றன, ஈரம் பட்டால் பூஞ்சைதான். டின் மீனை அடைத்து மூடிய பிறகே, நீராவி அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி செல்சியஸில் வேகவைக்கிறார்கள். பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் வெறும் கொதிநீருக்கு அசையாது என்பதால்தான் இவ்வளவு சூடு.

ஆயுள்: கருவாடு சில மாதம். டின் 2 முதல் 5 ஆண்டு. திறந்தால் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஃபிரிட்ஜில் 3, 4 நாள்.

கெட்டதை அறிவது: கருவாட்டில் பூஞ்சையும் புழுவும் கண்ணுக்குத் தெரியும். (நாற்றத்தை நம்ப முடியாது, அது எப்போதும் நாறும்!) டின்னில் பொட்டுலிசம் நஞ்சுக்கு வாசனையே இல்லை. உப்பிய மூடி, கசிவு, விளிம்பில் ஆழமான நெளிவு, திறக்கும்போது பீய்ச்சியடிப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ருசிகூடப் பார்க்காமல் வீசுங்கள்.

மழைக்காலச் சேமிப்புக்கு டின். வாராவாரக் குழம்புக்குக் கருவாடு.