கேள்வி முதல்லயா கடைசிலயா? ஆத்தங்குடி கல்லு பாடத்துக்கு ரெண்டு ஸ்கிரிப்ட்

காரைக்குடி பக்கத்துல பசங்களுக்கு வெப்பக் கடத்தல் பாடத்த வீடியோவா எடுக்க ரெண்டு ஸ்கிரிப்ட் எழுதினேன். விஷயம் ஒண்ணுதான், வெறுங்கால்ல நின்னா ஆத்தங்குடி கல்லு ஜில்லுன்னு இருக்கு, பக்கத்துல விரிச்ச கோரப்பாய் அப்படி இல்ல, ஏன்?

முதல் ஸ்கிரிப்ட் வழக்கமானது. "கல் வெப்பத்தை நன்கு கடத்தும்"னு முழு வாக்கியம் திரைல வரும், குரலும் அதையே படிக்கும், அப்புறம் படம், கடைசில மூணு கேள்வி. நாலு நிமிஷத்துல முடிஞ்சிடும். ஆனா கண்ணு ஒரு வேகத்துல படிக்குது, காது வேற வேகத்துல கேக்குது, படத்தப் பாக்க ஆளே இல்ல. கேள்விக்கு பசங்க இப்ப கேட்ட வாக்கியத்தையே திருப்பிச் சொல்லிடுறாங்க, கல்லு பாயைவிட குளிர்ச்சியான பொருள்னு மனசுல இருக்கறது அப்படியே இருக்கு.

ரெண்டாவதுல கேள்விதான் முதல்ல:

திரை: கல், பாய், ரெண்டு மேலயும் தெர்மாமீட்டர். "எதில் குறைவாகக் காட்டும்? அ) கல் ஆ) பாய் இ) ரெண்டும் ஒண்ணே"
குரல்: "வீடியோவ நிறுத்திட்டு நோட்ல எழுதுங்க." (10 செகண்ட் குரலும் வேணாம், மியூசிக்கும் வேணாம்)

போட்டுக் காட்டினப்ப "கல்லுதான் மிஸ், கால் வச்சாலே தெரியுதே"ன்னு கிளாஸே கத்துச்சு. அப்புறம் ரெண்டுலயும் ஒரே 30 டிகிரி வந்ததும் ஏன்னு அவங்களே கேட்டாங்க, விளக்கம் அங்கதான் வரணும். படத்த மொத்தமா காட்டக்கூடாது, முதல்ல பாதம் 33, அப்புறம் கல்லு 30, அப்புறம் பாதத்துலேருந்து கல்லுக்கு தடிச்ச அம்பு, பாய்க்கு மெல்லிசான அம்பு. எழுத்து அம்புக்கு ஒட்டுனாப்ல "வேகமா", "மெதுவா", அவ்வளவுதான். பாய்க்குள்ள காத்து அடைஞ்சிருக்கறதால அதோட மேல்பரப்பு சீக்கிரமே பாதத்தோட சூட்டுக்கு வந்துடுது, அதுக்கப்புறம் வெப்பம் அதிகமா போகாதுங்கறத மட்டும் குரல் சொன்னா போதும்.

இதுல ஷூட்டிங்லதான் ஜாக்கிரதையா இருக்கணும். முதல் தடவ முற்றத்து ஓரமா எடுத்தோம், காலைல அங்க வெயில் பட்டிருந்திருக்கு, கல்லு ரெண்டு டிகிரி கூட காட்டி பாடமே கெட்டுச்சு. மறுநாள் வெயிலே எட்டாத உள் அறைல ராத்திரியே பாய விரிச்சு வச்சு, தெர்மாமீட்டர் குமிழ் மேல மடிச்ச துணி போட்டு அஞ்சு நிமிஷம் விட்டப்பறம்தான் சரியா வந்துச்சு.

நேரம் ரெண்டாவதுக்கு ஏழு நிமிஷம் ஆகும், வீட்ல போன்ல தனியா பாக்குற புள்ள அந்த 10 செகண்ட தள்ளிவிட்டுப் போயிடும், அதனால பரீட்சைக்கு முந்தின நாள் திருப்பிப் பாக்க முதல் ஸ்கிரிப்ட் போதும். கிளாஸ்ல போட ரெண்டாவதுதான் என் முடிவு. அதுல இன்னொரு நிறுத்தமும் சேத்திருக்கேன், "இதே கல்லு மத்தியானம் முற்றத்து வெயில்ல கிடந்தா?"ன்னு கேட்டுட்டு, நிறுத்தம் முடிஞ்சதும் அதே படம், கல்லு 50, அம்பு பாதத்தப் பாத்து திரும்பும், சூட்டு வித்தியாசம் கூடினதால இன்னும் தடிச்சிருக்கும்.