பில் பாக்கிக்காக உடலைத் தர மறுத்தால்: அடகா, செக்கா, போலீஸா?

பெரியப்பா இறந்தபோது அதிகாலை 2 மணி. அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து ஒன்பது நாள் ஐசியூவில் வைத்திருந்தோம். பில் 4,10,000 ரூபாய். அதில் 2,60,000 கட்டியிருந்தோம். "மீதியைக் கட்டிட்டு எடுத்துக்கோங்க அண்ணாச்சி" என்றார்கள் கவுண்டரில்.

மைனி வளையலைக் கழற்றினார். அடகுக்கடை திறக்கக் காலை ஒன்பதரை ஆகும். அதுவரை உடல் அங்கேயே கிடக்கும். அவசரத்தில் முழுப் பணத்தையும் கட்டிவிட்டால் பில்லில் உள்ள தப்பைக் கேட்கவும் மனசு வராது. கட்டித்தான் ஆகவேண்டுமென்றால் ரசீதில் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுத வேண்டும். இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அது உதவும்.

அண்ணன் செக் கொடுக்கலாம் என்றான். மூன்றில் இதுதான் மோசமான வழி என்பேன். அப்பாவின் கடனுக்கு மகன் பொறுப்பாவது அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான். சேர்க்கும்போது படிவத்தில் 'நானே கட்டுவேன்' என்று கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் அவன் தனியாகவும் பொறுப்பாவான். செக் எழுதினால் அதுவே அவன் தலையில் ஏறிவிடும். திரும்பிவிட்டால் கிரிமினல் வழக்கு. புரோநோட்டும் இதே மாதிரிதான், கிரிமினல் வழக்கு மட்டும் வராது.

மூன்றாவது வழியைத்தான் எடுத்தோம். பாக்கிக்குப் பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை மெக்கானிக்குக்கு உண்டு. ஆனால் மனித உடல் யாருடைய சொத்தும் அல்ல, அதை ஈடாக வைக்கமுடியாது. பணம் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரி சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும். பில்லுக்காக உடலை நிறுத்திவைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2021 மே மாதம் அறிவுறுத்தியது. அது அறிவுரைதான், தனிச் சட்டம் அல்ல. ஆனால் கண்ணியத்துக்கான உரிமை இறந்தவருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

'பாக்கிக்காக உடலைத் தர மறுக்கிறீர்கள் என்றால் எழுத்தில் தாருங்கள்' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். யாரும் எழுதித் தரவில்லை. 112-ஐ அழைத்தோம். வந்த எஸ்.ஐ. கேட்டது ஒரே கேள்வி: "இது போலீஸ் கேஸா?" விபத்தோ விஷமோ என்றால் விசாரணையும் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் பிரேத பரிசோதனையும் முடிய வேண்டும். அந்தத் தாமதம் சட்டப்படியானது, பில்லோடு சம்பந்தமில்லை. பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி. அப்படி எதுவும் இல்லை.

எஸ்.ஐ. பேசியதும் உடலைத் தர ஒத்துக்கொண்டார்கள். போலீஸ் கைவிரித்திருந்தால் கலெக்டருக்கும் மருத்துவ இணை இயக்குநருக்கும் மனு, அப்புறம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. ஆனால் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்க நாள் பிடிக்கும், நம் அவசரத்துக்கு அது கடைசி வழி.

உடலைப் பெற்றுக்கொண்டோம், பாக்கித் தொகையில் எங்களுக்கு ஆட்சேபம் உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டோம். இறப்புச் சான்றுக்கான தாளையும் கேட்டு வாங்கினோம். காலை 7 மணிக்கு வண்டி கிளம்பியது. பாக்கிக் கணக்கைப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான், மருந்துவாரியாகப் பில் வாங்கிப் பேசினோம்.