தன் வாயா, நண்பர் வாயா: வரைவைச் சத்தமாகப் படிக்க எது நல்லது?

எழுதி முடித்ததைச் சத்தமாகப் படித்துப் பார் என்பார்கள். நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துப் பார் என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒன்று பிடிப்பதை மற்றொன்று தவறவிடுகிறது. காரைக்குடியில் ஒரு விழா மலருக்காக தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி ஒரு தங்கை எழுதிய பத்தி இதை நன்றாகக் காட்டும்.

"ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின் மீது வார்க்கப்படுகிறது. இந்தக் கல்லின் பூ வேலைக்கு நிறச் சிமெண்ட் குழம்பு ஊற்றப்படுகிறது. இந்தக் கல்லின் முதுகில் மணல் கலந்த சிமெண்ட் இடப்படுகிறது. இந்தக் கல்லின் பளபளப்பு கண்ணாடியிலிருந்தே வருகிறது."

தகவலில் குறை இல்லை. ஓசைதான் கட்டை போல் கிடக்கிறது.

முதலில் அவரே சத்தமாகப் படித்தார். இரண்டாம் முறையிலேயே 'படுகிறது, படுகிறது' என்ற அடி காதில் விழுந்துவிட்டது. தமிழில் வினை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. குரலும் அங்கேதான் இறங்கி ஓய்கிறது. அதனால் முடிவுகள் ஒன்றுபோல் இருந்தால் தன் காதே போதும், அடுத்தவர் தேவையில்லை. மூச்சு முட்டும் நீள வாக்கியங்களும் அப்படித்தான். 'வைத்து, ஊற்றி, பரப்பி, அழுத்தி' என்று எச்சங்கள் அடுக்கினால் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறோமோ அங்கே வாக்கியத்தை முறிக்கலாம். இதைத் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு செய்வதே நல்லது. வெட்கமில்லாமல் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்க முடியும்.

அவர் 'வார்க்கிறார்கள், ஊற்றுகிறார்கள், இடுகிறார்கள்' என்று மாற்றினார். செயப்பாட்டு வினை போனது நல்லதுதான். ஆனால் தொடக்கங்கள் அப்படியே நின்றன. எத்தனை முறை படித்தும் அவருக்கு அவை உறுத்தவில்லை. அவர் காது மந்தமானதல்ல. எழுதியவரின் குரல் எழுத்தில் இல்லாததைச் சேர்த்துவிடுகிறது. ஒரு வாக்கியத்தில் 'கண்ணாடி'யை அழுத்தினார், அடுத்ததில் 'பூ வேலை'யை. பொருள் தெரிந்த குரல் நேராக முக்கியமான சொல்லுக்குத் தாவுவதால், வாசலில் நிற்கும் 'இந்தக் கல்லின்' யாருக்கும் கேட்காமல் போய்விடுகிறது.

பிறகு தேவகோட்டையிலிருந்து வந்திருந்த தோழியிடம் தாளைக் கொடுத்தார். முன்கூட்டிப் பார்க்க விடாமல், முதல் தடவையே சத்தமாகப் படிக்கச் சொன்னார். தோழி மூன்றாம் வாக்கியத்தைப் படித்துவிட்டு ஐந்தாவதற்குப் போய்விட்டார். ஒரு வாக்கியமே காணாமல் போனது. "ஒன்றை விட்டுவிட்டேனா? எல்லாம் 'இந்தக் கல்லின்' என்றே ஆரம்பிக்கிறது, கண் எங்கே நிற்கும் அக்கா?" என்றார். ஒரே தொடக்கங்கள் அடுக்கி வந்தால் அதை மிக உறுதியாகக் காட்டும் அடையாளம் இந்தத் தாவல்தான். எழுதியவரிடம் அது அரிது. அடுத்த வரி அவருக்கு முன்பே தெரியும்.

நண்பர் மௌனமாகப் படித்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்பது இதில் கணக்கில்லை. அவர் படிக்க வேண்டும், எழுதியவர் இன்னொரு பிரதியில் பென்சிலோடு பின்தொடர வேண்டும். தடுமாறிய இடம், திரும்பிப் படித்த இடம், தாவிய இடம் ஆகியவற்றை மட்டும் குறித்தால் போதும். கருத்துக் கேட்பது அதற்குப் பிறகுதான். இடையில் விளக்கம் சொல்லவே கூடாது. சொன்னால் அவரும் பொருள் தெரிந்த குரலில் படிக்கத் தொடங்கிவிடுவார்.

யார் அந்த நண்பர் என்பதும் முக்கியம். 1939 முதல் கம்பன் விழா நடக்கும் ஊர் காரைக்குடி. மேடைப் பேச்சில் தேர்ந்தவர்களுக்குக் குறைவில்லை. அவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் இந்த வேலைக்கு அழைக்க மாட்டேன். பயிற்சி பெற்ற குரல் கட்டையான வாக்கியத்தையும் பாட்டாக்கிவிடும். கல் வார்க்கும் பட்டறையை நன்கு அறிந்தவரும் வேண்டாம். விடுபட்டதை அவர் மனமே நிரப்பிக்கொள்ளும். சாதாரணமாக வாசிக்கிற, தடுமாறினால் மறைக்காத ஒருவர் போதும். அவர் தன் நடையில் திருத்தி எழுத முன்வந்தால் அன்போடு மறுத்துவிட வேண்டும், ஏனென்றால் தடுக்கிய இடத்தைக் காட்டுவதே அவர் செய்யும் உதவி.

தங்கையின் பத்தி இப்படி ஆனது:

"ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ வடிவத்துக்குள் நிறச் சிமெண்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். அதன் முதுகுக்கு மணல் கலந்த சிமெண்ட். இறுகிய கல்லைக் கண்ணாடியிலிருந்து பிரித்தால் முகம் பளபளக்கும். மெருகு கண்ணாடி கொடுத்தது."

தொடக்கங்களை மாற்றியதும் முடிவுகளும் தாமாக வேறுபட்டன. ஒரே தொடக்கம் திரும்ப வருவதெல்லாம் குற்றமல்ல. வேண்டுமென்றே அடுக்கிய தொடக்கத்தில் வாசிப்பவரின் குரல் ஏறிக்கொண்டே போகும், கண் தாவாது.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் நண்பரின் வாயையே தேர்ந்தெடுப்பேன். இரண்டுக்கும் நேரம் இருந்தால் வரிசை மாறக் கூடாது: முடிவுகளையும் மூச்சையும் முதலில் தனியாகச் சரிசெய்துவிட வேண்டும். முதல் வாசிப்பு ஒரு நண்பரிடம் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும்; நம் காதே பிடிக்கக்கூடிய 'படுகிறது'களுக்கு அதைச் செலவழிக்கக் கூடாது.