மூன்றாண்டு ஆன்லைன் நைட்டி விற்பனை: லிஸ்டிங்கில் எந்த உழைப்பு பலன் தந்தது

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி உள்பாவாடை வியாபாரம் செய்யும் தம்பி ஒருவர் சென்ற வாரம் வந்து, "அண்ணே, ஒருத்தர் பதினஞ்சாயிரம் கேக்குறாரு. நம்ம லிஸ்டிங்க மொதல் பக்கத்துல கொண்டாந்து நிறுத்துறேன்னு சொல்றாரு. குடுக்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் வேண்டாம் என்பதை நின்றபடி சொல்லி முடிக்க இயலவில்லை. ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில் மூன்றாண்டுகளாகக் காட்டன் நைட்டி விற்றுவரும் அனுபவத்தை அவருக்காகவும், அவரைப் போல வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்திலிருந்து இதில் இறங்க நினைப்பவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன். பதிவு செய்வது, கமிஷன், பணம் வரும் நாள் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றுக்குள் போகவில்லை.

முதலில் என் ஆற்றாமையைச் சொல்லிவிடுகிறேன். விற்பனையாளர் பேனலில் ஒவ்வொரு லிஸ்டிங்குக்கும், அதாவது ஒவ்வொரு பொருளின் விற்பனைப் பக்கத்துக்கும், பக்கத்தில் ஒரு பச்சைப் பட்டை இருக்கிறது. லிஸ்டிங்கின் தரம் நூற்றுக்கு எவ்வளவு என்று அது காட்டும். டைட்டிலை நீட்டினால் ஏறும், ஐந்தாவது போட்டோவைப் போட்டால் ஏறும், விவரத்தில் இன்னும் பத்து வரி சேர்த்தால் ஏறும். முதல் ஆண்டு முழுவதும் கடையை மூடியபின் இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து நாற்பது லிஸ்டிங்குகளிலும் அந்தப் பட்டையை நூறுக்குக் கொண்டுவந்தேன். ஆர்டர் அசையவில்லை. அந்தப் பட்டை, டைட்டில், போட்டோ, விவர வரி ஆகியவை எவ்வளவு இருக்கின்றன என்பதை மட்டுமே பார்க்கிறது. வாங்குபவர் தேடும்போது நம் பொருளை எத்தனையாவது இடத்தில் காட்டுவது என்று முடிவு செய்வது வேறு கணக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதை நிரப்பினால் அது உயரும் என்று விற்பனையாளரை நம்பவைப்பது சரியில்லை. இன்றும் அந்தப் பச்சையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

தேடலில் நம் இடத்தை நிர்ணயிப்பவற்றை நான் இப்போது மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன். நாம் நேரடியாக எழுதுவதும் மாற்றுவதும் ஒரு வகை: டைட்டில், பொருள் வகை, அளவு, துணி முதலிய விவரக் கட்டங்கள், முதல் போட்டோ, விலை, கையிருப்பு, அனுப்பும் வேகம். இவற்றின் விளைவாக மெதுவாக உருவாவது இரண்டாம் வகை: பார்த்தவர்களில் எத்தனை பேர் தொட்டார்கள், தொட்டவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் திருப்பி அனுப்பினார்கள், ரேட்டிங் என்ன என்பவை. வாங்குபவரின் பின்கோடு, பண்டிகை, வெளியூர்ப் போட்டியாளரின் விலை, மழை ஆகியவை மூன்றாம் வகை. சிக்கல் என்னவென்றால், மூன்றாம் வகையில் ஏதாவது அசையும்போது அது முதல் வகையில் நாம் செய்த வேலையின் பலன் போலவே கண்ணுக்குத் தெரியும்.

இது எனக்குப் புரிந்தது 2024 ஆடி மாதத்தில். மெரூன் நிறத்தில் ஒன்று, நீல நிறத்தில் ஒன்று என இரண்டு ஃபீடிங் நைட்டிகள் எங்களிடம் இருந்தன. துணி, தையல், விலை எல்லாம் ஒன்று, நிறம் மட்டுமே வேறு. ஆடி பிறந்ததும் மெரூனின் டைட்டிலை முழுதாக மாற்றி எழுதினேன். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் 14 ஆர்டர் வந்திருந்த இடத்தில் அடுத்த இரண்டு வாரங்களில் 27 வந்தது. டைட்டில்தான் காரணம் என்று முடிவு செய்து, மற்ற லிஸ்டிங்குகளையும் அதேபோல மாற்ற உட்கார்ந்தேன். கணக்கு நோட்டைப் பார்த்த என் மனைவி, "நீலத்தை நீங்க தொடவே இல்லையே, அதுவும் ஏறியிருக்கே" என்றார். நீலம் 12-லிருந்து 23-க்குப் போயிருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே மடங்கு ஏறியிருந்தன. ஏற்றியது ஆடித் தள்ளுபடிக் கூட்டம்; டைட்டில் ஒன்றுமே செய்யவில்லை.

அன்றிலிருந்து எதை மாற்றினாலும் ஒன்றை மாற்றி, அதன் ஜோடியைத் தொடாமல் விட்டுவைக்கிறேன். செப்டம்பரில், பண்டிகை இல்லாத இரண்டு வாரம் பார்த்து, மெரூனின் முதல் போட்டோவை மட்டும் மாற்றினேன். பழைய போட்டோ கடைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் ஹேங்கரில் தொங்கவிட்டு எடுத்தது. மெரூன் கறுப்பாகத் தெரியும், ஜிப் இருப்பதே தெரியாது. புதியதைக் காலை எட்டு மணிக்கு மொட்டை மாடியில், வெயில் நேராக விழாத சுவரோரம் வெள்ளை தெர்மாகோல் பலகைகளைப் பின்னால் நிறுத்தி, பொம்மைக்கு உடுத்தி, ஜிப்பை இரண்டு அங்குலம் இறக்கிவிட்டு எடுத்தோம். முன்பு தேடலில் 8,200 முறை காட்டப்பட்டு 98 பேர் தொட்டிருந்தார்கள். இப்போது 8,000 முறைக்கு 168 பேர். நீலம் இருந்த இடத்திலேயே இருந்தது: முன்பு 7,500-க்கு 90, இப்போது 7,300-க்கு 86. பிறகு நீலத்துக்கும் அதேபோலப் போட்டோ எடுத்துப் போட்டேன், அதுவும் ஏறியது. அதன் பின்னரே நம்பினேன். ஆர்டரை வைத்து இதை அளக்க முயன்றிருந்தால் தெளிவு கிடைத்திருக்காது. மெரூனில் 11 ஆர்டர் 17 ஆனது உண்மைதான். ஆனால் இவ்வளவு சிறிய எண்களில் நான்கைந்து ஆர்டர் எந்தக் காரணமும் இல்லாமலே கூடும், குறையும்.

ஆகவே பேனலில் நான் பார்ப்பது வரிசையாக மூன்று எண்களை மட்டுமே. காட்டப்பட்ட எண்ணிக்கையே குறைவு என்றால் தேடலோடு நம் பொருள் பொருந்தவில்லை. பொருள் வகையையும் விவரக் கட்டங்களையும் பார்க்க வேண்டும். காட்டப்பட்டும் தொடவில்லை என்றால் முதல் போட்டோ, விலை, ரேட்டிங் ஆகியவற்றில் குறை. தொட்டும் வாங்கவில்லை என்றால் அளவு விவரம், கருத்துகள், வந்துசேரும் தேதி. எங்கே அறுபடுகிறதோ அங்கேதான் வேலை.

நான் எதிர்பாராத மகிழ்ச்சியைக் கொடுத்தது இந்தப் பேனலின் மிகச் சலிப்பூட்டும் பகுதியான விவரக் கட்டங்கள். ஃபீடிங் நைட்டி என்று டைட்டிலில் எழுதியிருந்தேனே தவிர, தாய்ப்பால் ஊட்ட ஏற்றதா என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன். வாங்குபவர் பக்கவாட்டில் உள்ள வடிகட்டியை அழுத்தியதும் எங்கள் நைட்டி பட்டியலிலிருந்தே மறைந்துபோனது. நாற்பது லிஸ்டிங்கில் ஒன்பதுக்கு இந்தக் குறை இருந்தது. ஒரு மதிய நேரத்தில் நிரப்பி முடித்தேன்; ஒரு வாரத்துக்குள் அந்த ஒன்பதும் காட்டப்படும் எண்ணிக்கை கூடியது, மற்றவை கூடவில்லை. இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு பலன் வேறெதிலும் நான் பார்க்கவில்லை.

ரேட்டிங் கதை வேறு. மெரூனுக்கு 140 பேர் மதிப்பிட்டு 3.6 நின்றது. புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: சைஸ் சிறியது. நாங்கள் எக்ஸ்.எல். என்று விற்றது, மார்புச் சுற்றளவு 42 அங்குலம் என்று தைப்பவர் தந்த கணக்கு. காட்டன் முதல் சலவையில் ஓர் அங்குலம் உள்வாங்கியது. ஒரு நைட்டியைத் துவைத்துக் காயவைத்து, தரையில் விரித்து டேப் வைத்து அளந்து, அந்த அளவை டேப்போடு சேர்த்து இரண்டாவது போட்டோவாகப் போட்டேன். இருபது அனுப்பினால் ஐந்து திரும்பி வந்தது இரண்டாகக் குறைந்தது. ரேட்டிங் மட்டும் அசைய மறுக்கிறது. இனி வருபவர்கள் சராசரியாக 4.3 கொடுத்தாலும், மொத்தம் 3.9 ஆக இன்னும் 105 பேர் மதிப்பிட வேண்டும். எனக்கு வாங்குபவர்களில் பத்தில் ஒருவர்தான் மதிப்பிடுகிறார். மாதம் முப்பத்து நான்கு ஆர்டர் என்றால் இரண்டரை ஆண்டு ஆகும். அளவை முதல் நாளே சரியாகக் கொடுத்திருக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

கைமீறியவற்றுக்கு வருகிறேன். என் போனில் தேடிப் பார்த்து "ஆறாவதாக வருகிறது" என்று மகிழ்ந்த நாட்கள் உண்டு. 600021 பின்கோட்டில் உட்கார்ந்து பார்க்கும் எனக்குக் கிடங்கு பக்கத்தில் இருக்கிறது, நாளையே வரும் என்று காட்டுகிறது. நான் முன்பு பார்த்தவற்றையும் அது நினைவில் வைத்திருக்கிறது. மதுரையில் உள்ள மைத்துனி அதே சொல்லைத் தேடினால் நான்கு முறை பக்கத்தைத் தள்ள வேண்டியிருந்தது. முதல் பக்கம் என்று பொதுவாக ஒன்று கிடையாது. அதனால்தான் பதினைந்தாயிரம் வேண்டாம் என்றேன். வெளியூரிலிருந்து என் அடக்க விலைக்கும் கீழே விற்பவரோடு வெறுமனே "நைட்டி" என்ற சொல்லில் போட்டியிடுவதையும் விட்டுவிட்டேன். ஃபீடிங், டபுள் எக்ஸ்.எல். என்று குறிப்பாகத் தேடுபவர் குறைவு. ஆனால் அவர் வாங்குகிறார்.

மழையை நம்மால் நிறுத்த முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பிக்கப் வண்டி ஐந்து நாள் வரவில்லை. கட்டி அடுக்கிய பார்சல்கள் பரணில் இருந்தன, பேனலோ அவற்றைத் தாமதம் என்று என் கணக்கில் எழுதியது. முறையிட்டேன், எல்லோருக்கும் அனுப்பும் அதே அச்சுப் பதில் வந்தது. அதன்பின் எல்லா லிஸ்டிங்கும் சேர்ந்து இறங்கியதால், லிஸ்டிங்கில் தவறு இல்லை, கணக்கு மீதான மதிப்பு விழுந்திருக்கிறது என்று ஊகித்தேன். மீள பிப்ரவரி ஆனது. 2024 நவம்பரில் ஃபெஞ்சல் வருகிறது என்றதும், கரை கடப்பதற்கு முந்தைய நாளே பேனலில் விடுமுறைப் பொத்தானை அழுத்தி, பிக்கப் வண்டி மீண்டும் வந்ததும் திறந்தேன். நான்கு நாள் ஆர்டர் போனது, கணக்கு அப்படியே நின்றது.

தம்பிக்கு என் பதில்: இறங்குங்கள், ஐந்து உருப்படியோடு, கட்டங்களை நிரப்பி, துவைத்து அளந்து, மாடியில் போட்டோ எடுத்து. இடுப்பு அளவும் நாடாவும் தெரிய வேண்டும். நைட்டியில் மூன்றில் ஒரு பங்கு வியாபாரம் எனக்கு இதிலிருந்து வருகிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் நட்சத்திரம் கேட்டால் இரண்டுதான் தருவேன். அடுத்த மாதம் வரும் சுடிதார் மெட்டீரியலை இதில் ஏற்றப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இதை எழுதும் இப்போதும் பேனலைத் திறந்தால், மெரூனின் பக்கத்தில் இன்னொரு போட்டோ சேர்க்கச் சொல்லி அந்தப் பட்டை 92 என்று காட்டிக்கொண்டிருக்கிறது.